கடையில் இருக்கும் உங்கள் கணக்கை முழுசா அழிக்கச் சொல்வது: மலேசியச் சட்டம் எதுவரை துணை வரும்?

கடைக்கு மெயில் போடுகிறோம், "என் கணக்கை அழித்துவிடுங்கள்" என்று. இரண்டு நாளில் பதில் வருகிறது: "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, நன்றி." சரி, முடிந்தது என்று நினைத்தால், தீபாவளி நெருங்கும்போது அதே கடையிலிருந்து அதே எண்ணுக்கு மலிவு விற்பனைச் செய்தி வந்து நிற்கிறது. அப்புறம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "2025-இல் சட்டம் மாறிவிட்டது, கேட்டால் கடை அழித்தே ஆக வேண்டும்" என்கிறார், இன்னொருவர் "அதெல்லாம் ஐரோப்பாவில், இங்கே ஒன்றும் நடக்காது" என்கிறார்.

இரண்டுமே பாதி சரி. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "அழிக்கக் கேட்கும் உரிமை" என்ற பெயரில் ஒரு பிரிவு கிடையாது, 2024 திருத்தத்திலும் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். அதனால்தான் மெயிலில் என்ன எழுதுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. "அழியுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது வேண்டுகோள். சரியான பிரிவைச் சொல்லி எழுதினால் அது சட்டப்படியான அறிவிப்பு, அதை மீறினால் அபராதம் உண்டு.

## முதலில், கடையிடம் என்னதான் இருக்கிறது

கணக்கு வேறு, தரவு வேறு. கணக்கு என்பது நீங்கள் உள்ளே நுழையும் வாசல்: மெயில் முகவரி அல்லது கைப்பேசி எண், ஒரு கடவுச்சொல். தரவு என்பது அந்த வாசலுக்குப் பின்னால் சேர்ந்து கிடப்பது. கணக்கை முடக்குவது வீட்டைப் பூட்டிவிட்டுச் சாமான்களை உள்ளேயே விட்டு வைப்பது மாதிரி, நீங்கள் உள்ளே போக முடியாது, ஆனால் சாவி கடைக்காரரிடம் இருக்கிறது.

எஸ்டேட் பட்டணங்களில் இந்தச் சாமான்கள் கொஞ்சம் அதிகமாகவே சேரும். இணையத்தில் கணக்கு திறந்தது தனி. கடைக்குப் போனபோது உறுப்பினர் அட்டைக்காக கவுண்டரில் நிரப்பிக் கொடுத்த தாள் தனி. அதில் பெயர், ஐசி எண், பிறந்த நாள், வீட்டு முகவரி, இரண்டு கைப்பேசி எண், சில கடைகளில் சம்பளம் எவ்வளவு என்ற கட்டம்கூட இருக்கும். ஐசி எண்ணைச் சாதாரண எண்ணாக நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பெயரும் இந்த எண்ணும் முகவரியும் ஒன்றாக வெளியே போனால், தொலைபேசி மோசடிக்காரன் உங்களை நம்பவைப்பதற்கு அதுவே போதும்.

இன்னொரு காரணம், பலரும் யோசிக்காதது. ப்ரீபெய்ட் எண்ணில் டாப்-அப் போடாமல் விட்டால் அது காலாவதியாகிப் பின்னால் வேறொருவர் கைக்குப் போகும். கடைக் கணக்கு அந்தப் பழைய எண்ணோடு கட்டியிருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல் புது ஆளுக்குத்தான் போகும், அவர் நினைத்தால் உங்கள் முகவரியையும் வாங்கிய பட்டியலையும் திறந்து பார்க்கலாம். மூன்று எண் மாற்றியவர்கள் பழைய கணக்குகளை அழிக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

## சட்டத்தில் இருப்பது, இல்லாதது

சட்டத்தின் முழுப் பெயர் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, எண் 709. நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 15. வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான் இது பொருந்தும், மத்திய அரசும் மாநில அரசுகளும் இதற்குள் வராது, ஆகவே கீழே சொல்வதை அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை. கடைக்கு எழுதும் மெயிலுக்கு வேண்டிய பிரிவுகள் இவை:

1. பிரிவு 38, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது. எழுத்து மூலம் அறிவித்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. அறிவிப்பு கிடைத்ததும் கடை உங்கள் தரவைக் கையாளுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

2. பிரிவு 10, வைத்திருக்கும் கால வரம்பு. எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அது முடிந்த பிறகு தரவை வைத்திருக்கக் கூடாது, நிரந்தரமாக அழிப்பதற்கு நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும். இது கடையின் கடமை, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். சட்டத்தின் ஏழு கொள்கைகளில் இது ஒன்று. கொள்கைகளை மீறுவதற்கான தண்டனைதான் 2025 ஏப்ரல் 1 முதல் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக ஏறியது, சிறை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாண்டு வரை என்று ஆனது.

3. பிரிவு 43, நேரடி விளம்பரத்தை நிறுத்தச் சொல்வது. எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், மெயில், தபால் எதுவாக இருந்தாலும், உங்களைக் குறிவைத்து வரும் விளம்பரம் எல்லாம் இதில் அடங்கும்.

இதில் முதலாவதுதான் முக்கியம், ஏனென்றால் கடைக்காரர்கள் அதைப் பெரும்பாலும் தவறாகப் படிக்கிறார்கள். "கையாளுதலை நிறுத்திவிட்டோம், ஆனால் தரவு எங்களிடம் சும்மா இருக்கும்" என்று பதில் வரும். சட்டத்தின் 4-ஆம் பிரிவில் கையாளுதல் என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். சேகரிப்பது, பதிவது, பயன்படுத்துவது, வெளியிடுவது மட்டுமில்லை, வெறுமனே வைத்திருப்பதும் சேமிப்பதும்கூட அதில் வருகிறது. ஆக, சம்மதத்தை மட்டும் நம்பி வைத்திருந்த தரவுக்குச் சம்மதம் போனதும் சும்மா வைத்திருப்பதற்கும் வழியில்லை. அழிக்கும் உரிமை என்று தனியாக எழுதப்படாததால் இதை வாதமாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது, ஆனால் பலமான வாதம்.

இப்போது அந்த "சட்டம் மாறிவிட்டது" கதை. 2024 திருத்தம் 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று கட்டமாக நடைமுறைக்கு வந்தது. தரவுக் கசிவு நடந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை வந்தது, பெரிய அளவில் தரவு கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று வந்தது. அதோடு தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரச் சொல்லும் உரிமையும் வந்தது. குழப்பம் இந்தக் கடைசியில்தான். மாற்றித் தரச் சொன்னால் ஒரு நகல் அடுத்த இடத்துக்குப் போகும், பழைய இடத்தில் இருப்பது அழியாது. மெயிலில் இதைக் குறிப்பிட்டு அழிக்கச் சொன்னால், சட்டம் தெரிந்த அதிகாரி ஒரே வரியில் மறுத்துவிடுவார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் இருக்கும் விதிமுறையில் அழிக்கும் உரிமை நேரடியாகவே இருக்கிறது, 17-ஆம் விதி. இணையத்தில் கிடைக்கும் மாதிரி மெயில்கள் பாதி அதை வைத்து எழுதியவை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கடைக்கு எழுதும்போது 17-ஆம் விதியை மேற்கோள் காட்டினால் எதிர்ப்பக்கம் சிரிப்புதான் வரும்.

## கடை எதை நியாயமாக வைத்துக்கொள்ளலாம்

"முழுசா அழியுங்கள்" என்றால் முழுசா அழியாது. இதை முன்பே தெரிந்துகொண்டால் கடையின் பதிலில் எது நியாயம், எது சாக்கு என்று பிரிக்க முடியும்.

சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சம்மதம் இல்லாமலேயே தரவைக் கையாளச் சில காரணங்களை ஒப்புக்கொள்கிறது. உங்களோடு செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது ஒன்று. வேறு சட்டம் கட்டளையிடுவது ஒன்று. இந்த இரண்டாவதில்தான் பில் வருகிறது. வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 82-இன்படி வியாபாரக் கணக்குப் பதிவேடுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், கம்பெனிச் சட்டம் 2016-இலும் அதே ஏழு ஆண்டுதான். உங்கள் பெயரில் போட்ட பில்லை நீங்கள் கேட்டதற்காகக் கடை கிழித்துப் போட முடியாது, கிழித்தால் அவர்கள்மேல் வழக்கு.

தவணையில் வாங்கியவர்களுக்கு இன்னும் இறுக்கம். குளிர்சாதனப்பெட்டிக்கு இன்னும் ஆறு மாதத் தவணை பாக்கி இருக்கும்போது சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். பாக்கி முடியும் வரை பெயர், ஐசி, முகவரி எதுவும் போகாது. கடன் தீர்ந்த பிறகும் ஒப்பந்த வழக்குக்கான கால வரம்பு ஆறு ஆண்டு என்பதால் ஒப்பந்தத் தாளைச் சில காலம் வைத்திருப்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தவணையைக் காட்டி விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு நியாயம் இல்லை. பிரிவு 43 தவணைக்காரருக்கும் உண்டு.

அதாவது கடை "ஏழு ஆண்டு வைக்கச் சட்டம் சொல்கிறது" என்றால், எதை என்று கேட்க வேண்டும். ஏழு ஆண்டு பில்லுக்கு. பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப வாங்கிய தேதிக்கு இல்லை.

## ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு குடும்பம், கற்பனைதான். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் ஒரு அம்மா. பட்டணத்தில் இருக்கும் மின்சாதனக் கடையில் 2023 மார்ச் மாதம் 1,450 ரிங்கிட்டுக்கு ரொக்கமாகச் சலவை இயந்திரம் வாங்கினார், இரண்டு ஆண்டு உத்தரவாதம். அன்றைக்குக் கவுண்டரில் உறுப்பினர் படிவம் நிரப்பிக் கொடுத்தார், அதில் ஐசி எண்ணும் இருந்தது. கடையின் இணையத்தளத்தில் கணக்கு திறந்தது மகள், மகளுடைய மெயில் முகவரியில். 2024 அக்டோபரில் தீபாவளி மலிவில் அந்தக் கணக்கு வழியாக 189 ரிங்கிட்டுக்கு மிக்சி, அதற்கும் இரண்டு ஆண்டு உத்தரவாதம், வீட்டுக்கு கூரியரில் வந்தது. 2026 ஜனவரி 5 அன்று எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி மெயில் போகிறது. எது போகும், எது நிற்கும்?

1. இரண்டு பில்கள் நிற்கும். 2023 பில்லுக்கான ஏழு ஆண்டு அந்த ஆண்டு முடிவிலிருந்து கணக்கு, 2030 கடைசி வரை. 2024 பில் 2031 கடைசி வரை. இந்தக் காலத்தில் அவை கணக்குப் பிரிவில் மட்டும் இருக்க வேண்டும், விற்பனைக்காரர் திரையில் வரக் கூடாது.

2. ஐசி எண் போக வேண்டும். சாதாரண ரொக்க ரசீதுக்கு அது தேவையில்லை. அம்மா தன் பெயரில் மின்-விலைப்பட்டியல் கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் அந்தப் பதிவில் அது இருக்கும், அதுவும் வரிக்காக. உறுப்பினர் கோப்பில் இருக்கும் ஐசி எண்ணுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

3. கவுண்டரில் கொடுத்த தாள். ஆணையர் 2015-இல் கொண்டுவந்த தரநிலையில் ஒரு வரி உண்டு: வணிகப் பரிவர்த்தனையில் தரவு வாங்கப் பயன்படுத்திய படிவத்தை, சட்ட மதிப்பு இல்லையென்றால், 14 நாளுக்குள் அழிக்க வேண்டும். கடைகளில் இந்தத் தாள்கள் கோப்பில் கட்டி மாடிப்படிக்குக் கீழே கிடப்பதுதான் நடப்பு. மெயிலில் கணினித் தரவை மட்டும் கேட்டால் இது தப்பித்துவிடும்.

4. மிக்சி உத்தரவாதம் 2026 அக்டோபர் வரை இருக்கிறது. இங்கே அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். தரவு போனால் கடை "உங்கள் பெயரில் எங்களிடம் ஒன்றும் இல்லையே" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். வழி எளிது, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் முன்னாடியே படமெடுத்து வைப்பது. வெப்பத்தாளில் அடித்த ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அதனால் இன்றைக்கே. சலவை இயந்திர உத்தரவாதம் 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கவலை இல்லை.

5. புள்ளிகள், பிறந்த நாள், கைப்பேசி எண்கள், சேமித்த முகவரி, தேடிப் பார்த்த பொருள்களின் பட்டியல் எல்லாம் போக வேண்டும். புள்ளிகளும் சேர்ந்தே போகும், பிறகு கேட்டுப் பயனில்லை, இருந்தால் முதலில் செலவழித்துவிடலாம்.

6. வங்கி அட்டை. கடையிடம் பெரும்பாலும் முழு எண் இருக்காது. கடைசி நான்கு இலக்கமும், பணப் பரிமாற்ற நிறுவனம் கொடுத்த ஓர் அடையாளக் குறியும்தான். அட்டைக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்கத்தைப் பரிவர்த்தனை முடிந்தபின் யாரும் சேமிக்கக் கூடாது என்பது அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி. கணக்கில் சேமித்த அட்டையை மெயில் போடும் முன்பே நாமே எடுத்துவிடுவது நல்லது.

24 மாதம் அசைவில்லாத தரவை அழிக்கக் கால அட்டவணை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2015 தரநிலையில் இருக்கிறது. அம்மா கடைசியாக வாங்கியது 2024 அக்டோபர் என்பதால், மெயிலே போடாவிட்டாலும் 2026 அக்டோபரில் கடை இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்ப்பார்களா என்பது வேறு விஷயம்.

## மெயிலில் என்ன எழுதுவது

எங்கே அனுப்புவது என்பதிலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு மட்டும் அனுப்பினால் சிப்பந்தி ஒரு பொத்தானை அழுத்திக் கணக்கை முடக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார். கடையின் இணையத்தளத்தின் அடியில் `Notis Privasi` என்று ஓர் இணைப்பு இருக்கும். விசாரணைக்கும் புகாருக்கும் யாரைத் தொடர்புகொள்வது என்று அதில் சொல்ல வேண்டும், அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். அந்த முகவரிக்கு மெயில், சேவைப் பிரிவுக்கு நகல்.

மலாயில் எழுதுவதே நல்லது, பின்னால் புகாராகப் போனால் அப்படியே இணைக்கலாம். நான்கு வரி போதும்:

```
Tajuk: Penarikan balik persetujuan dan permohonan padam akaun

1. Saya menarik balik persetujuan saya di bawah seksyen 38 Akta 709.
2. Mohon padam akaun dan semua data peribadi saya mengikut seksyen 10.
3. Mohon hentikan semua pemasaran langsung di bawah seksyen 43.
4. Jika ada data yang perlu disimpan, nyatakan data apa,
   sebab apa dan sampai bila.
```

முதல் மூன்று வரியும் மேலே பார்த்த மூன்று பிரிவுகள். நான்காவது வரிதான் கடையைப் பேச வைப்பது: வைத்திருக்க வேண்டிய தரவு ஏதாவது இருந்தால், எது, ஏன், எதுவரை என்று சொல்லுங்கள் என்கிறது. இது இல்லாவிட்டால் "சட்டப்படி சில தரவை வைத்திருப்போம்" என்ற பொதுப் பதிலோடு நின்றுவிடும். கவுண்டர் படிவத்தையும், கூரியர், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் போன்றவர்களுக்குக் கொடுத்த நகலையும் குறிப்பிட்டு இன்னொரு வரி சேர்க்கலாம்.

கெடு? பிரிவு 38-இல் நாள் கணக்கு இல்லை, அறிவிப்பு கிடைத்ததும் என்றுதான் இருக்கிறது. தரவைப் பார்க்கக் கேட்கும் விண்ணப்பத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள், அதையே இங்கும் கேட்பது நியாயமாக இருக்கும். அம்மாவின் மெயிலுக்கு அது ஜனவரி 26.

அடையாளம் உறுதிசெய்வது அடுத்த சிக்கல். தரவை அழிக்கச் சொல்லப் போய் ஐசி படத்தை இரண்டு பக்கமும் எடுத்து அனுப்பினால், இருந்ததைவிட அதிகத் தரவு கடையிடம் சேர்ந்ததுதான் மிச்சம். பதிவு செய்த மெயிலிலிருந்தே எழுதினால் அதுவே பெரும்பாலும் போதுமான சான்று. நம் உதாரணத்தில் கணக்கு மகளின் மெயிலில் இருக்கிறது, தரவு அம்மாவுடையது, ஆகவே மகள் அந்த மெயிலிலிருந்து அனுப்பி, அம்மாவின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும், கடைசி பில் எண்ணையும் தேதியையும் சேர்த்தால் நன்றாக இருக்கும். பழைய மெயிலோ எண்ணோ இப்போது கையில் இல்லையென்றாலும் பில் எண்தான் துணை. அப்படியும் கடை ஐசி கேட்டால், படத்தின் மேல் குறுக்கே "கணக்கு அழிக்க மட்டும்" என்று தேதியோடு மலாயில் எழுதி, முகவரியை மறைத்து அனுப்புங்கள். அழிப்பு முடிந்ததும் அந்தப் படமும் போக வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள்.

## "அழித்துவிட்டோம்" என்ற பதிலை எப்படிப் படிப்பது

கணினிப் பக்கம் அழிப்பு என்பது ஒரே காரியம் இல்லை. பல கடை மென்பொருள்களில் அழி என்ற பொத்தான் வாடிக்கையாளர் வரிசையில் ஒரு குறியைத்தான் மாற்றும்: செயலில் இல்லை. வரிசை அப்படியே இருக்கும், தேடினால் வரும். கொஞ்சம் மேலான முறையில், பில் வரிசை நிற்க அதில் பெயர், எண், முகவரி மட்டும் நீங்கும், மிஞ்சுவது "ஒரு வாடிக்கையாளர் 2024-இல் 189 ரிங்கிட்டுக்கு மிக்சி வாங்கினார்" என்பதுதான். இதுவே ஏற்கத்தக்கது, அது யாரென்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாதவரை அது தனிநபர் தரவே இல்லை.

காப்பு நகல் இன்னொரு இடம். கடையின் தரவுத்தளம் நாள்தோறும் நகலெடுத்து வைக்கப்படும், அதிலிருந்து ஒருவரை மட்டும் உருவி எடுப்பது நடைமுறையில் கஷ்டம். பழைய நகல்கள் சுழற்சியில் தானே மேலெழுதப்பட்டுப் போகும். "காப்பு நகலில் இத்தனை நாளில் மறையும், அதற்குள் நகலை மீட்டெடுத்தால் உங்கள் பதிவை மறுபடி அழிப்போம்" என்று கடை சொன்னால் அது நேர்மையான பதில். காப்பு நகலைப் பற்றியே பேசாத பதில் சந்தேகத்துக்குரியது.

தீபாவளிச் செய்தி திரும்ப வருவதற்குக் காரணமும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். விளம்பரப் பட்டியல் கடையின் தளத்தில் இருக்காது, எஸ்எம்எஸ் அனுப்பும் வேறொரு நிறுவனத்திடம் ஏற்கெனவே ஏற்றி வைத்த கோப்பாக இருக்கும். தளத்தில் அழித்தாலும் அந்தக் கோப்பில் எண் அப்படியே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இனி உங்களுக்கு அனுப்பாமல் இருப்பதற்கு, "இந்த எண்ணுக்கு அனுப்பாதே" என்ற பட்டியலில் உங்கள் எண் இருந்தாக வேண்டும். அதையும் அழித்தால், அடுத்த முறை பழைய எக்செல் கோப்பை யாராவது ஏற்றும்போது நீங்கள் மறுபடி உள்ளே வந்துவிடுவீர்கள். எண்ணை மட்டும் அதற்கென்று வைத்துக்கொள்வதாகக் கடை சொன்னால் ஒப்புக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

நாமே சோதிக்க மூன்று வழி இருக்கிறது:

1. "கடவுச்சொல் மறந்துவிட்டது" பக்கத்தில் பழைய மெயிலைப் போட்டுப் பாருங்கள். திரையில் என்ன வருகிறது என்பதை நம்ப வேண்டாம், நல்ல தளங்கள் எல்லாருக்கும் ஒரே வாசகத்தைத்தான் காட்டும். இன்பாக்ஸில் மெயில் வந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது.

2. அதே எண்ணில் புதுக் கணக்கு திறக்க முயலுங்கள். "ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றால் அழியவில்லை. அப்படி வராவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஒருமுறைக் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டால் புதுசாக ஒரு கணக்கு உண்டாகிவிடும்.

3. பலமான சோதனை, பிரிவு 30-இன்படி "என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் தரவைக் காட்டுங்கள்" என்று விண்ணப்பிப்பது. நகலோடு கேட்டால் சாதாரணத் தரவுக்குக் கடை வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 10 ரிங்கிட், 21 நாளில் பதில் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். அழித்ததாகச் சொன்ன கடையிலிருந்து பிறந்த நாளும் ஐசி எண்ணும் திரும்ப வந்தால், புகாருக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

## பதிலே வராவிட்டால்

கெடு தாண்டியதும் அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், புது மெயிலாக இல்லாமல், அப்போதுதான் தேதிகள் ஒரே இழையில் தெரியும். அதற்கும் அசைவில்லையென்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம். அவருடைய துறை ஜேபிடிபி, இப்போது டிஜிட்டல் அமைச்சின் கீழ் இருக்கிறது, இணையத்தளம் `www.pdp.gov.my`. கடைக்கு அனுப்பிய மெயில்கள், வந்த பதில், அழித்ததாகச் சொன்ன தேதிக்குப் பிறகு வந்த விளம்பரச் செய்தியின் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் புகாரோடு இணையுங்கள், திரைப்பிடிப்பில் தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய வேண்டும்.

விளம்பரத்தில் மட்டும் ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. பிரிவு 43-இன்படி நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லையென்றால் ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம், அவர் கடைக்கு உத்தரவிடலாம், அந்த உத்தரவையும் மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. அதனால் அழிப்பையும் விளம்பரத்தையும் மெயிலில் தனித்தனி எண்ணிட்டுக் கேட்பது வீண் போகாது, ஒன்றில் இழுத்தடித்தாலும் இன்னொன்றில் பிடிக்கலாம்.

எதிர்பார்ப்பை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், புகார் செய்தவருக்கு இழப்பீடு வாங்கித் தரும் வழி சட்டத்துக்குள் இல்லை. வெளிநாட்டில் முழுக்க முழுக்கத் தரவைக் கையாளும் கடை என்றால் இந்தச் சட்டம் அங்கே எட்டாது, அந்த நாட்டு விதியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பெரிய சந்தைத் தளத்துக்குள் இருக்கும் தனிக் கடையிடம் வாங்கியிருந்தால் மெயில் இரண்டாகப் போக வேண்டும்: கணக்கு தளத்திடம், உங்கள் முகவரி ஒட்டிய பொட்டலப் பட்டியலும் வாட்ஸ்அப் எண்ணும் அந்தக் கடைக்காரரிடம்.